படத்தின் கீழே ஒரு வரி

திருமண அழைப்பிதழில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. உச்சியில் பிள்ளையார் சுழி, அதன் கீழே குலதெய்வத்தின் துணை, அதையொட்டி மறைந்த பெரியோரின் பெயர்கள், நடுவில் மணமக்கள், அடியில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' சுற்றத்தார். ஆனால் பெற்றோரின் திருமணத்தில் பிள்ளைகளை எங்கே குறிப்பது என்பதற்கு அந்த அமைப்பில் வழியில்லை. துணையை இழந்த ஒருவரும் துணையைப் பிரிந்த ஒருவரும் மறுமணம் செய்துகொள்ளும்போது, இரு பக்கமும் குழந்தைகள் இருந்தால், அச்சகத்தின் மாதிரிப் புத்தகம் கைகொடுப்பதில்லை. சொற்களைத் தாமே தேட வேண்டியிருக்கிறது.

காஞ்சிபுரத்தில் ஒரு குடும்பத்தார் அவ்வாறு தேடினார்கள். மணமகனுக்கு வயது 41. பட்டுக் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். மனைவி நோயுற்று மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவருக்கு 12 வயதில் ஒரு மகள், 6 வயதில் ஒரு மகன். மணமகளுக்கு வயது 36. அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. முறைப்படி மணவிலக்குப் பெற்றவர். அவருடைய மகனுக்கு 8 வயது. அந்தச் சிறுவன் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை தன் தந்தையைப் பார்த்துவிட்டு வருகிறான்.

திருமணம் கோயிலில், எளிய முறையில். அழைப்பிதழ் இரண்டாக மடிக்கும் ஓர் அட்டை. வலப்பக்கம் முகூர்த்த விவரம். இடப்பக்கம் ஐவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம். அந்தப் படத்தின் கீழே ஒரு வரி வேண்டும் என்று அச்சகத்தார் கேட்டார். அந்த ஒரு வரிக்குப் பதினோரு நாட்கள் ஆயின.

முதலில் வந்தவை உறவினர்களின் யோசனைகள். மணமகனின் பெரியப்பா உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னார்: மணமகனின் மூத்த தாரத்துப் பிள்ளைகள் இருவர், மணமகளின் முதல் திருமணத்துப் பிள்ளை ஒருவன். அதில் பொய் ஏதுமில்லை. ஆனால் படத்தில் ஒன்றாக நிற்கும் மூவரையும் அந்த வரி இரண்டு கூடைகளில் பிரித்து வைத்தது. படிப்பவரின் கண் உடனே மேலே சென்று, யார் யாருடைய பிள்ளை, யார் முகம் யாரை ஒத்திருக்கிறது என்று தேடத் தொடங்கும். ஒப்பிடுவதற்கென்றே எழுதியது போலாகிவிடும்.

அத்தை ஒருவர் வேறு திசையில் சென்றார். தாயில்லாப் பிள்ளைகளுக்குத் தாயாக வந்த தெய்வம் என்று மணமகளைப் புகழ வேண்டும் என்றார். நல்லெண்ணத்தில் பிறந்த வரிதான். இருப்பினும் மணமகள் அதை ஏற்கவில்லை. அவரை உயர்த்துவதற்காக அந்த வரி குழந்தைகளை இரங்கத்தக்கவர்களாக ஆக்குகிறது; நாளை அந்தப் பெண் ஏதேனும் மறுத்துப் பேசினால், தெய்வத்தை எதிர்த்தவள் என்ற பழியும் அவளுக்கு வந்துசேரும். அன்றியும், அவள் தாயில்லாதவள் அல்லள். அவளுடைய தாய் மறைந்துவிட்டார், அவ்வளவே.

'புது அம்மா', 'புது அப்பா' என்னும் சொற்களும் அவ்வாறே விலக்கப்பட்டன. புதியது என்றாலே பழையது ஒன்று பக்கத்தில் வந்து நின்றுவிடும். சிறுவனின் தந்தையோ உயிரோடு இருக்கிறார்; இரண்டாம் சனிக்கிழமை தோறும் மகனுக்காகக் காத்திருக்கிறார். 'குறை நீங்கி நிறைவானோம்' என்ற வரியும் நிற்கவில்லை. மூன்று ஆண்டுகளாக அந்த இரு குழந்தைகளையும் குளிப்பாட்டித் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவர், அதே தெருவில் வசிக்கும் அவர்களுடைய அம்மாவின் தாயார். அந்த வீட்டைக் குறையுள்ள வீடு என்று அச்சிட்டால் அந்த மூதாட்டியின் உழைப்புக்கு என்ன பெயர்?

'சொந்தப் பிள்ளைகளைப் போல' என்றொரு வரி வந்தபோது தமிழாசிரியையான மணமகள் மெல்லச் சிரித்தார். 'போல' என்பது உவம உருபு. முகம் நிலவு போல இருக்கிறது என்றால், முகம் நிலவு அன்று என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது. சொந்தப் பிள்ளை போல என்று சொல்லும்போதே சொந்தம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம் என்று அவர் விளக்கினார். அதன்பின் அந்த வரியை யாரும் எடுக்கவில்லை.

படம் எடுத்த நாளிலேயே இதற்கான முதல் பாடம் கிடைத்திருந்தது. புகைப்படக்காரர் வழக்கப்படி மணமக்களை நாற்காலியில் அமர்த்தினார். ஆறு வயதுச் சிறுவனைத் தந்தையின் மடியில் ஏற்றினார். பெண்ணைத் தந்தையின் தோளருகே நிற்க வைத்தார். எட்டு வயதுச் சிறுவனைப் பார்த்து, "நீ அம்மா பக்கத்துல நில்லுப்பா" என்றார். அவன் தாயின் நாற்காலிக்குப் பின்னே போய் நின்றான். அவன் பார்வை மட்டும் அந்த மடியின் மீதே இருந்தது.

துருவனின் கதை தெரிந்தவர்களுக்கு அந்தப் பார்வையின் பொருள் விளங்கும். உத்தானபாதன் மடியில் உத்தமன் அமர்ந்திருக்கிறான். ஐந்து வயதுத் துருவனும் ஏற வருகிறான். இளையவள் சுருசி தடுத்து, அந்த மடி வேண்டுமானால் நீ என் வயிற்றில் பிறந்திருக்க வேண்டும் என்கிறாள். துருவன் காட்டுக்குப் போனதையும் தவத்தையும் துருவ நட்சத்திரத்தையும் நாம் கொண்டாடுகிறோம். ஆனால் கதையின் வேர் ஒரு மடியும் ஓர் ஒப்பீடும்தான். சுருசி சொன்னதைப் போலவே, வாய் திறந்து கேட்டும் மறுக்காமல் இருந்த தந்தையின் மௌனமும் அக்குழந்தையைச் சுட்டது.

மணமகன் எழுந்து நாற்காலிகளை அகற்றச் சொன்னார். பெரியவர்கள் இருவரும் இரு ஓரங்களில் நின்றார்கள். குழந்தைகள் மூவரும் நடுவில், வயது வரிசையில். வயதின்படி நின்றபோது 12, 8, 6 என்று மணமகளின் மகன் மற்ற இருவருக்கும் இடையில் தானாகவே வந்துவிட்டான். படத்தின் கீழே 'இடமிருந்து வலமாக' என்று பெயர்களை எழுதுவதுதான் மரபு. ஆகவே நிற்கும் வரிசையே எழுதும் வரிசையாகிறது. வரியைச் சீராக்க வேண்டுமானால் முதலில் நிற்பதைச் சீராக்க வேண்டும். எல்லாக் குடும்பங்களிலும் வயது இப்படி அழகாகக் கலந்து வராது. ஒரு பக்கத்துப் பிள்ளைகள் அனைவருமே மூத்தவர்களாக இருக்கலாம். அப்போதும் வயது என்பது யாரும் குறைகூற முடியாத வரிசை; யாருடைய பிள்ளை என்பதைச் சாராத வரிசை.

பெயர்களை எழுதும்போது அடுத்த சிக்கல் எழுந்தது. தமிழ்நாட்டில் பெயருக்கு முன்னால் தந்தையின் பெயரின் முதலெழுத்து நிற்கும். மூன்று பெயர்களையும் இனிஷியலோடு எழுதியபோது இரண்டுக்கு ஓர் எழுத்தும் நடுவில் உள்ளதற்கு வேறோர் எழுத்தும் வந்தன. கூட்டத்தில் ஒருவர், சிறுவனுக்கும் மணமகனின் எழுத்தையே போட்டுவிடலாமே என்றார். அது அன்பின் மிகுதி, ஆயினும் முறையன்று. சிறுவனின் பிறப்புச் சான்றிலும் பள்ளிப் பதிவேட்டிலும் உள்ளது அவன் தந்தையின் எழுத்து. அதை அழைப்பிதழ் மாற்றக் கூடாது.

விடை குமரகோட்டத்தில் கிடைத்தது. அழைப்பிதழ் அச்சேறும் முன் முருகனுக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வரலாம் என்று ஐவரும் சென்றிருந்தனர். அர்ச்சகர் வழக்கம்போல் கேட்டார்: கோத்திரம், பெயர், நட்சத்திரம். கோத்திரம் கேட்டபோது மணமகள் சிறிது தயங்கினார். மணமகன் 'சிவகோத்திரம்' என்று பொதுவாகச் சொன்னார். பிறகு ஒவ்வொருவராகப் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார்கள். அர்ச்சகர் ஐந்து பெயர்களையும் சொல்லி, 'சககுடும்பானாம்' என்று முடித்து, மலரை எடுத்தார்.

வெளிப்பிராகாரத்தில் வலம் வரும்போது மணமகள் அதைக் குறிப்பிட்டார். சந்நிதியில் இனிஷியல் கேட்கப்படுவதில்லை. யாருக்கு யார் என்ன உறவு என்றும் கேட்கப்படுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பெயர், அதன்பின் எல்லோருக்கும் சேர்த்துக் குடும்பம் என்ற ஒரு சொல். காலங்காலமாகக் கோயில் வைத்திருக்கும் அந்த அமைப்பையே படத்தின் கீழேயும் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. மூன்று பெயர்களும் இனிஷியல் இன்றி, ஒரே அளவு எழுத்தில் நிற்பது என்று முடிவாயிற்று.

இப்படி உறவைச் சொல்லாமல் விடுவது உண்மையை மறைப்பதாகாதா என்று பெரியப்பா கேட்டார். நியாயமான கேள்வி. வால்மீகி ராமாயணத்தில் ஜனகர் இதற்கு வழிகாட்டுகிறார். உழுத நிலத்தில் சீதையைக் கண்டெடுத்த வரலாற்றை அவர் விசுவாமித்திரரிடம் ஒளிவுமறைவின்றிக் கூறுகிறார். வில்லின் நிபந்தனையைச் சொல்லும்போது அந்த வரலாறும் சொல்லப்பட வேண்டியதாக இருக்கிறது. ஆனால் மணமேடையில் சீதையின் கரத்தை ராமனிடம் ஒப்படைக்கும்போது, இவள் சீதை, என் மகள் என்று மட்டுமே அறிமுகம் செய்கிறார். ஏர்முனையைப் பற்றி அங்கே பேச்சில்லை. ஒரே உண்மைக்கு உரிய இடமும் உண்டு, உரியதல்லாத இடமும் உண்டு.

இக்காலத்திலும் உரிய இடம் இருக்கிறது. கோயிலில் திருமணத்துக்குப் பதிவு செய்யும்போது, முந்தைய துணையின் இறப்புச் சான்றும் மணவிலக்குத் தீர்ப்பின் நகலும் காட்டப்படுகின்றன. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, நடந்த திருமணத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மணமக்களின் முந்தைய மணநிலை அந்தப் படிவத்தில் எழுதப்படுகிறது. மறைக்கக் கூடாத இடங்கள் அவை. மணமக்களின் பெயர்கள் அழைப்பிதழிலும் சான்றுகளில் உள்ளவாறே இருப்பது நல்லது, ஏனெனில் பதிவின்போது அழைப்பிதழும் கேட்கப்படும். குழந்தைகளின் படத்துக்கு அந்தக் கட்டாயம் ஏதுமில்லை.

ஆனால் ஜனகரின் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள மணமகள் துணியவில்லை. சீதையைச் சிசுவாக எடுத்து வளர்த்தவர் ஜனகர். மகள் என்ற சொல்லை அவர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து பெற்றிருந்தார். மணமகளுக்கோ அந்த 12 வயதுப் பெண்ணோடு எட்டு மாதப் பழக்கம்தான். அவள் இவரை இன்னும் 'அத்தை' என்றே அழைக்கிறாள். 'எங்கள் மகள்' என்று அச்சிட்டால், அந்தப் பெண் இன்னும் கொடுக்காத ஒன்றைத் தாமே எடுத்துக்கொண்டதாகும். ஜனகரிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது, எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்பதை மட்டுமே.

எனவே மணமகள் தாமே ஒரு வரி எழுதினார்: மூவரின் பெயர்கள், அதைத் தொடர்ந்து 'ஆகியோரின் அன்பு அனுமதியுடன் நாங்கள் தொடங்கும் இல்லறத்துக்கு உங்கள் ஆசியை வேண்டுகிறோம்'. பெரியவர்கள் அனைவருக்கும் பிடித்துப்போயிற்று. குழந்தைகளுக்குப் பெருமை சேர்க்கும் வரி என்றார்கள். அச்சுக்கு அனுப்புமுன் மூன்று பிள்ளைகளிடமும் தாளைக் கொடுத்து, பிடிக்காத சொல் இருந்தால் அடிக்கலாம் என்றார் மணமகன். இளையவர்கள் இருவரும் தம் பெயரில் எழுத்துப் பிழை இல்லை என்று பார்த்ததோடு சரி. மூத்தவள் தாளை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"அனுமதின்னு போட்டிருக்கீங்க. என்கிட்ட யாரும் கேக்கலையே" என்றாள்.

அறையில் யாரும் பேசவில்லை. அவள் சொன்னது உண்மை. திருமணத்தைப் பற்றி அவளிடம் சொன்னார்கள், கேட்கவில்லை. பெரியவர்களின் முடிவை ஒரு குழந்தையின் அனுமதியாக அச்சிட்டால், பின்னாளில் அவளுக்கு மனம் கசந்தாலும் அவள் கையெழுத்திட்டதாக அந்த அட்டை சாட்சி சொல்லும்.

தந்தை அவளருகே அமர்ந்து, "இப்பக் கேக்குறேன்மா. உனக்கு இது வேண்டாம்னா சொல்லு" என்றார்.

"வேண்டாம்னு சொல்லலைப்பா. எனக்கு அத்தையப் பிடிக்கும். ஆனா அனுமதி கொடுக்கற அளவுக்கு எனக்கு ஒண்ணும் தெரியாது. நாங்களும் கூட வர்றோம், இல்லையா? அத மட்டும் போடுங்க."

'அன்பு அனுமதியுடன்' அடிக்கப்பட்டது. மூன்று பெயர்களும் அப்படியே நிற்க, அவற்றின் பின் 'மூவரோடும் சேர்ந்து நாங்கள் தொடங்கும் இல்லறத்துக்கு உங்கள் ஆசியை வேண்டுகிறோம்' என்று வரி அமைந்தது. அச்சகத்தார் ஒன்றை மட்டும் விட மனமில்லாமல் கேட்டார். அத்தை கல்யாணம், மாமா கல்யாணம் என்றால் அடியில் குழந்தைகள் அழைப்பதாக ஒரு மழலை வரி போடுவது வழக்கமாயிற்றே, இங்கே 'எங்க அப்பா கல்யாணத்துக்கு வாங்க' என்று போடலாமா என்றார். பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அவரே அதை விட்டுவிட்டார். பள்ளித் தோழிகள் கையில் அந்த வரி கிடைத்தால் என்ன ஆகும் என்பதை அந்த முகம் சொன்னது.

மறைந்த தாயாரை எங்கே வைப்பது என்பதே இறுதியாக எஞ்சிய கேள்வி. மறைந்த பெரியோரின் வரிசையில் அவருடைய படத்தையும் சேர்க்கலாம் என்று சிலர் கூறினர். மணமகளுக்கும் மறுப்பில்லை. ஆனால் ஒரே அட்டையில் மறைந்த மனைவியும் மணமகளும் எதிரெதிரே அமைந்தால், அதைக் கையில் வாங்கும் ஒவ்வொருவரும் இரு முகங்களையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். முடிவு சொன்னவர் மறைந்தவரின் தாயாரே. "அவளுக்குக் கார்டு எதுக்கு? அவளுக்குப் படையல் இருக்கே" என்றார்.

சுமங்கலியாக மறைந்த பெண்ணைப் பூவாடைக்காரியாக வீட்டில் வழிபடுவது வட தமிழகத்துக் குடும்பங்கள் பலவற்றில் உள்ள வழக்கம். சுபகாரியத்துக்கு முன் அவளை அழைத்து வணங்கிய பிறகே மற்றவை தொடங்கும். முறைகள் வீட்டுக்கு வீடு மாறும். இந்த வீட்டில் முகூர்த்தத்துக்கு முன்தினம் கலசம் வைத்து, புதுப்புடவை, மஞ்சள், குங்குமம், வளையல், பூச்சரம் ஆகியவற்றைச் சாற்றிப் பொங்கலிட்டார்கள். கலசத்துக்குப் பூச்சூட்டியவள் மகள். மணமகள் பின்னால் நின்று வணங்கினார். அழைப்பிதழில் அந்தத் தாயாருக்குப் பெயரில்லை. வீட்டின் முதல் வழிபாடு அவருக்கு நடந்தது.

அந்தத் தாயாரின் அன்னைக்கும் அட்டையில் ஓரிடம் கிடைத்தது. நல்வரவை விரும்புவோர் பட்டியலில் மணமகன் வீட்டார், மணமகள் வீட்டார் என்று பிரித்தால் அவரை எதில் சேர்ப்பது? 'குழந்தைகளின் தாத்தா, பாட்டிமார்' என்று ஒரே தலைப்பிட்டு எல்லாப் பெயர்களையும் அதன்கீழ் எழுதினார்கள். முன்னாள் மாமியார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அழைப்பு முறையைப் பற்றிப் பேச்சு வந்தபோது அந்தப் பாட்டியே பேத்தியிடம் சொன்னார். "அத்தைன்னு எத்தனை நாளைக்குக் கூப்பிடுவே? சித்தின்னு கூப்பிடேன். சித்தின்னா அம்மாவோட தங்கச்சி. அப்போ அவ எனக்கு மக ஆகிடுவா." பேத்தி உடனே பதில் சொல்லவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை. அந்தச் சொல் எப்போது வரும் என்பது அவள் பாடு. 

வைகாசி முகூர்த்தத்தில் தாலி கட்டி முடிந்து, ஐவரும் முருகனுக்கு அர்ச்சனைத் தட்டோடு நின்றார்கள். அர்ச்சகர் பெயர்களைக் கேட்டார். இம்முறை பெரியவர்கள் வாய் திறக்குமுன் மூத்தவள் முந்திக்கொண்டு, தம்பிகள் இருவரின் பெயரையும் நட்சத்திரத்தையும் சேர்த்துச் சொன்னாள்.